வலிப்பு நின்ற பிறகு வரும் ஒரு மணி நேரம்

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். மடியில் படுத்திருந்த குழந்தையின் கண்கள் திடீரென்று மேலே செருகிக்கொள்கின்றன. உடம்பு விறைக்கிறது, கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயோரம் நுரை தள்ளுகிறது, உதடு நீலமாகிறது. பார்க்கிற தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளை போய்விட்டது என்றே தோன்றும். அந்தப் பயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பயம் நம் கவனம் முழுவதையும் இரண்டு மூன்று நிமிட இழுப்பின் மேலேயே நிறுத்திவிடுகிறது. இழுப்பு நின்றதும் ‘அப்பாடா, தப்பித்தது’ என்று குழந்தையைத் தூங்கவைத்துவிடுகிறோம். உண்மையில் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. சாதாரணக் காய்ச்சல் வலிப்பா, மூளைக்காய்ச்சலின் அறிகுறியா என்பதை வலிப்பின் கோரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அது நின்ற பிறகு குழந்தை எப்படித் தெளிகிறது, அதற்கு முந்தைய நாள்களில் எப்படி இருந்தது என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்ல முடியும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை வாடகை லைன் வீடுகளில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல எனக்குத் தனிக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு ஒரு முறையாவது வலிப்பு வருகிறது. அந்த வயதில் மூளை வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் இருக்கிறது. உடல் சூடு ஏறும்போது சில குழந்தைகளின் மூளை நரம்புகள் கட்டுப்பாடு இழந்து ஒரே நேரத்தில் துடிக்கின்றன. அப்பா, அம்மா, சித்தப்பா என்று வீட்டில் யாருக்காவது சிறு வயதில் இப்படி வந்திருந்தால் வாய்ப்பு கூடும். காரணமான காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ் காய்ச்சல்தான்: ஃப்ளூ, தொண்டைச் சளி, காய்ச்சல் இறங்கியதும் உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பு போடுமே அந்த ரோசியோலா. பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் காய்ச்சல் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் தொட்டுப் பார்த்து ‘உடம்பு கொதிக்கிறதே’ என்று காய்ச்சலையே கண்டுபிடிப்பார்கள். இந்த முதல் நாள் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த வலிப்பு மூளையைக் கெடுத்துவிடும், பிள்ளை மந்தமாகிவிடும், பின்னால் காக்காய் வலிப்பாக மாறும் என்பது பரவலான பயம். அமெரிக்காவில் கரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயது வரை பின்தொடர்ந்து 1976-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வலிப்பால் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. முன்பு நன்றாக இருந்து, சாதாரண வகை வலிப்பு மட்டும் வந்த குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்குப் பின்னால் காக்காய் வலிப்பு வந்தது. காய்ச்சல் வலிப்பே வராத குழந்தைகளில் இருநூற்றுக்கு ஒருவருக்கு வந்தது. கூடுதல்தான், ஆனால் மிகச் சிறிய கூடுதல். 1978-இல் அவர்களே இன்னொன்றும் செய்தார்கள்: வலிப்பு வந்த குழந்தையையும், வராத அதன் அண்ணன் தம்பி அக்கா தங்கையையும் ஜோடி சேர்த்து ஏழு வயதில் அறிவுத்திறனை ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன் என்பதால் இந்த ஒப்பீட்டை நான் பெரிதும் நம்புகிறேன். ஆகவே சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளைக்குத் தீங்கு செய்வதில்லை. ‘சாதாரணம்’ என்பதற்கு மருத்துவத்தில் வரையறை உண்டு: உடம்பின் இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும், பதினைந்து நிமிடத்துக்குள் நின்றுவிட வேண்டும், அடுத்த 24 மணி நேரத்தில் மறுபடி வரக்கூடாது.

வலிப்பு நடக்கும்போது செய்யவேண்டியது மிகக் குறைவு. முதலில் மணியைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் ‘எவ்வளவு நேரம்?’ என்பதுதான். குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வடிந்துவிடும். கழுத்துப் பட்டனைக் கழற்றுங்கள், பக்கத்தில் இடிக்கிற பொருள்களை நகர்த்துங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. சாவி கொடுத்த நேரத்தில் அது தானாகவே நிற்கப் போயிருந்தது, அவ்வளவுதான். சாவியாலாவது கெடுதல் இல்லை. பல்லுக்கு நடுவில் கரண்டியோ விரலோ வைப்பதும், வாயில் தண்ணீரோ காய்ச்சல் மருந்தோ ஊற்றுவதும்தான் ஆபத்து. நினைவில்லாத குழந்தைக்கு ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். முடிந்தால் ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். இழுப்பு ஒரு பக்கமா இரு பக்கமா என்பதை மருத்துவருக்கு நூறு வார்த்தையில் விளக்குவதைவிட அது நன்றாகக் காட்டும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடிக்கும் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இனி முக்கியமான கேள்வி. மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் பாக்டீரியா தொற்றும்போதும் காய்ச்சல் வரும், வலிப்பும் வரும். அப்படியானால் ஒரு வலிப்பு, ஒரே வலிப்பு மட்டும், மூளைக்காய்ச்சலின் ஒரே அடையாளமாக இருக்குமா? வேறெந்த அறிகுறியும் காட்டாமல் அது ஒளிந்திருக்குமா? இதை நேராகக் கேட்ட ஓர் ஆய்வு 1993-இல் ஸ்டீவன் கிரீன் குழுவினரிடமிருந்து வந்தது. மூளைக்காய்ச்சல் உறுதியான 503 பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் புரட்டினார்கள். அவர்களில் 115 பேருக்கு வலிப்பு வந்திருந்தது. வலிப்புக்குப் பின் முதன்முறை மருத்துவரிடம் வந்தபோது அந்த 115 பேரில் 105 பேர் மந்தமாகவோ முழு மயக்கத்திலோ இருந்தார்கள். மீதிப் பத்துப் பேரில் இருவருக்கு வைரஸ் வகை என்று கருதப்பட்டது. எட்டுப் பேருக்கு வேறு தெளிவான அடையாளம் இருந்தது: ஆறு பேருக்குக் கழுத்து விறைப்பு, ஒருவருக்கு ஒரு பக்கமாக நீண்ட வலிப்பு, ஒருவருக்குப் பல முறை வலிப்பும் தோலில் ரத்தப் புள்ளிகளும். வலிப்பு வந்து, பிறகு தெளிந்து, வேறொன்றும் காட்டாமல் ஒளிந்திருந்த பாக்டீரியா மூளைக்காய்ச்சல் ஒன்றுகூட இல்லை. மூளையுறையில் சீழ் பிடித்த குழந்தை வலிப்பு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்பதில்லை என்பதே இதன் பொருள்.

ஒரு மாதிரிக் கணக்காக எடுத்துக்கொள்வோம். மாத்தூர் பக்கம் ஒரு லைன் வீடு. தகப்பன் இரவு ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். பதினெட்டு மாதப் பெண் குழந்தைக்கு மாலையிலிருந்து சளி, இரவு எட்டு மணிக்கு உடம்பு சுடுகிறது, எட்டரைக்கு வலிப்பு. இரண்டு பக்கமும் இழுத்து இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. பிறகு குழந்தை துவண்டு தூங்குகிறது. இந்தத் தூக்கம் இயல்பானது. அரை மணி கழித்துத் தாய் தொட்டு எழுப்பினால் சிணுங்கிக்கொண்டு கண் திறக்கிறது, தாயை அடையாளம் கண்டு கை நீட்டுகிறது, தூக்கித் தோளில் போட்டதும் அழுகை அடங்குகிறது, பால் குடிக்கிறது. ஒன்பதரைக்குள் பழைய குழந்தையாகிவிடுகிறது. இது சாதாரணக் காய்ச்சல் வலிப்பின் முகம். ‘அப்படியானால் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாமா?’ என்று கேட்டால், முதல் வலிப்பு என்றால் கட்டாயம் அன்றிரவே போக வேண்டும். காய்ச்சல் எதனால் என்று பார்க்கவும், ரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று ஒரு சொட்டில் சோதிக்கவும், கழுத்தை மடக்கிப் பார்க்கவும் மருத்துவர் வேண்டும். நான் சொல்லும் அடையாளங்கள் மருத்துவருக்கு மாற்று அல்ல. எவ்வளவு வேகமாக, எங்கே போவது என்று முடிவு செய்யவும், போன இடத்தில் எதைச் சொல்வது என்று தெரிந்துகொள்ளவும் உதவுபவை.

இப்போது அதே வீடு, அதே இரண்டு நிமிட வலிப்பு. மற்றதை மட்டும் மாற்றுவோம். குழந்தைக்குப் பத்து மாதம். காய்ச்சல் தொடங்கி இது மூன்றாம் நாள். நேற்றிலிருந்து வாந்தி, பால் சரியாகக் குடிக்கவில்லை, தூக்கினால் அழுகை அடங்குவதற்குப் பதில் கூடுகிறது. வலிப்பு நின்று ஒன்றேகால் மணி நேரமாகியும் கண்ணைத் திறந்து மூடுகிறதே தவிர யாரையும் பார்க்கவில்லை. உச்சிக்குழி புடைத்து நிற்கிறது. வலிப்பை மட்டும் வீடியோவில் பார்த்தால் முதல் குழந்தைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்தக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் இல்லை என்று நிரூபிக்கும் வரை இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். வலிப்பு முதல் நாளில் வராமல் காய்ச்சல் முற்றிய பிறகு வந்தது, அதற்கு முன்பே குழந்தை சுணங்கியிருந்தது, நின்ற பிறகு தெளியவில்லை: மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, வலிப்புக்குப் பின் ஒரு கையோ காலோ அசையாமல் கிடப்பது, அதே நாளில் மறுபடி வலிப்பு, விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், ஆறு மாதத்துக்கும் குறைந்த வயது ஆகியவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நம் பிள்ளைகளின் கருத்த தோலில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உள்பக்கம் பார்க்க வேண்டும்.

இங்கே விவரம் தெரிந்த ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: ‘ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே மூளைக்காய்ச்சல் இருக்குமே, அப்புறம் எதை நம்புவது?’ நியாயமான கேள்வி. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில், அடையாளங்கள் தெளிவாக இருந்தால் எந்த வயதிலும் முதுகு நீர் எடுத்துச் சோதிக்கச் சொன்னதோடு நிற்காமல், அடையாளம் இல்லாவிட்டாலும் இரண்டு நிலைமைகளில் அந்தச் சோதனையை யோசிக்கச் சொன்னது. ஒன்று, ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு ஹிப், நிமோகாக்கஸ் என்ற இரு கிருமிகளுக்கான தடுப்பூசி முழுமையாகப் போடப்படவில்லை அல்லது போட்டதா என்றே தெரியவில்லை. இரண்டு, குழந்தை ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு ஏன் வேண்டாம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது: பாஸ்டனில் ஆறு முதல் பதினெட்டு மாத வயதில் முதல் சாதாரண வலிப்போடு வந்த 704 குழந்தைகளின் விவரத்தை 2009-இல் வெளியிட்டார்கள். 260 பேருக்கு முதுகு நீர் சோதிக்கப்பட்டது. ஒருவருக்குக்கூட பாக்டீரியா மூளைக்காய்ச்சல் இல்லை. ஆனால் அவை தடுப்பூசி பரவலாகப் போடப்பட்ட ஊரின் கணக்கு. அந்த ஊரின் நிம்மதியை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட முடியாது.

எனக்குத் தனிக் காரணம் உண்டு என்றேனே, அது இதுதான். வழிகாட்டி சொல்லும் அந்த இரண்டு நிலைமைகளும் நம் தொழிற்பட்டையில் மிக எளிதாக நேர்கின்றன. தமிழ்நாட்டில் ஹிப் கிருமிக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. கேரளத்தோடு சேர்ந்து நாட்டிலேயே முதலில் தொடங்கியது இங்கேதான். நிமோகாக்கஸ் ஊசி 2021-இல் அரசு அட்டவணைக்கு வந்தது. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைக்கு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் பென்டாவும், ஆறு, பதினான்கு வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் நிமோகாக்கஸ் ஊசியும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மனைவியைப் பிரசவத்துக்கு விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ அனுப்பிவிட்டு, பிள்ளையின் ஆறாம் மாதத்தில் இருவரையும் அழைத்துவரும் குடும்பமும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்த வேலைக்கு வந்த குடும்பமும் ஊசி அட்டையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வருவது சாதாரணம். இரவு பதினொரு மணிக்கு மருத்துவர் ‘ஊசி எல்லாம் போட்டாச்சா?’ என்று கேட்டால் ‘போட்டிருக்கு சார்’ என்ற பதிலில் எது விட்டுப்போனது என்று தெரியாது. அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து தாய், தகப்பன் இருவர் போனிலும், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ, அவர் போனிலும் வைத்திருங்கள். ஒடிசா, ஜார்கண்ட் பக்கம் போய்த் திரும்பிய சில வாரங்களுக்குள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மூளையைத் தாக்கும் மலேரியா அங்கிருந்து வரலாம், அதற்கு ரத்தச் சோதனை வேறு.

இரண்டாவது நிலைமை மெடிக்கல் ஷாப்பிலிருந்து வருகிறது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற நிலையில், ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் கடையில் ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று சொல்லி சிரப் வாங்கிவருவதை நான் கண்டிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பையில் காய்ச்சல் மருந்தோடு அமாக்ஸிசிலினோ செஃபிக்ஸிமோ சேர்ந்து வந்தால் விளைவு வேறு. வைரஸ் காய்ச்சலுக்கு அது பயன்படாது. உள்ளே உண்மையிலேயே மூளைக்காய்ச்சல் தொடங்கியிருந்தால், வாய்வழி போகும் அந்த அளவு நோயைக் குணமாக்கவும் போதாது. காய்ச்சலையும் கழுத்து விறைப்பையும் மழுங்கடித்து, பரிசோதனையில் கிருமி வளராமல் செய்யப் போதும். மருத்துவரின் கண்ணை அது கட்டிவிடுகிறது. சளி சிரப் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும்: 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைக் குடித்த, டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் மருந்து தயாரானது இதே தொழிற்பட்டையின் சுங்குவார்சத்திரத்தில்தான். ஆகவே என்ன கொடுத்திருந்தாலும், யார் எழுதிக்கொடுத்திருந்தாலும், பாட்டிலை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால் அந்த இரவில் அவர் எடுக்கும் முடிவே தவறிவிடும்.

முதுகு நீர் சோதனைக்குக் கையெழுத்துக் கேட்டால் பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. ‘முதுகில் ஊசி போட்டால் கால் வராது’ என்ற பயம். ஊசி போவது தண்டுவடம் முடிந்த பிறகு உள்ள இடுப்புப் பகுதியில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே உண்டு, அவை ஊசிமுனையிலிருந்து விலகிக்கொள்ளும். முடக்கம் வருவது மிக மிக அரிது. பாக்டீரியா மூளைக்காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டால் காது கேளாமை, வலிப்பு நோய், மரணம் என்பவை அரிதே அல்ல. மறுபக்கம், தெளிந்து விளையாடும் குழந்தைக்கு முதல் சாதாரண வலிப்புக்கே ஸ்கேனும் இ.இ.ஜி.யும் எழுதினால் ‘எதற்காக டாக்டர்?’ என்று கேட்கலாம். அதே 2011 வழிகாட்டி இரண்டையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது.

அடுத்து வரும் கேள்வி காய்ச்சல் மருந்தைப் பற்றியது. மணிக்கணக்குப் பார்த்துப் பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த காய்ச்சலில் வலிப்பைத் தடுத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஃபின்லாந்தில் 2009-இல் வெளியான சோதனையில் காய்ச்சல் மருந்து கொடுத்த குழந்தைகளுக்கும் வெற்று மருந்து கொடுத்தவர்களுக்கும் வலிப்பு ஒரே அளவில்தான் திரும்ப வந்தது. ஜப்பானில் 2018-இல் வெளியான ஆய்வொன்று, ஒரு வலிப்பு வந்த பிறகு அதே காய்ச்சலில் மறு வலிப்பு வருவதைப் பாராசிட்டமால் குறைத்தது என்று காட்டியது. அந்த அளவோடு சரி. மருந்து கொடுப்பது குழந்தையின் வேதனை குறைய. கொடுத்தும் வலிப்பு வந்தால் ‘நான் ஒரு வேளை விட்டுவிட்டேனே’ என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. அளவு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு முறை. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மில்லி. சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றுவதுதான் வீடுகளில் நடக்கும் ஆபத்தான தவறு. ஐஸ் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டாம். நடுக்கம் வந்து சூடு ஏறும்.

முதல் வலிப்பு வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரும். முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்திருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் லாரிகளுக்கு நடுவே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நேரத்தை நினைத்தால், நீண்ட வலிப்பு ஒருமுறை வந்த குழந்தைக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலாம் ஸ்ப்ரேயை வீட்டில் வைத்திருப்பது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஐந்து நிமிடம் தாண்டினால் மட்டும் கொடுப்பது. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பத்துக் கிலோ குழந்தைக்கு 2 மில்லிகிராம், அதாவது ஓர் அடிக்கு 0.5 மில்லிகிராம் தரும் பாட்டிலில் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு அடி. வேறு வலிமையுள்ள பாட்டில்களும் கடையில் இருப்பதால் எத்தனை அடி என்பதை மருத்துவர் கையாலேயே அட்டையில் எழுதி வாங்கி, பாட்டிலோடு ரப்பர் பேண்டில் கட்டி வையுங்கள். வலிப்பு வரும்போது வீட்டில் இருப்பது யாரோ, அவருக்கும் அதைப் படித்துக்காட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தயக்கம்: ‘ஊசி போட்ட காய்ச்சலில்தான் வலிப்பு வந்தது, இனி ஊசியே வேண்டாம்.’ ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலில் வலிப்பு வருவது உண்மை. பென்டா போட்ட ஓரிரு நாளில், தட்டம்மை ஊசி போட்ட ஏழு முதல் பத்து நாளில் அதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஆனால் அது மேலே சொன்ன அதே தீங்கற்ற காய்ச்சல் வலிப்பு. அதற்குப் பயந்து ஊசியை நிறுத்தினால், தீங்கற்ற வலிப்பைத் தவிர்ப்பதற்காக மூளைக்காய்ச்சலுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு அடுத்த ஊசிக்குப் போக வேண்டும். வெளியூரிலிருந்து வந்து ஊசியே தொடங்காத குழந்தைக்கும் ஒரு வயதுக்குள் என்றால் பென்டாவும் நிமோகாக்கஸ் ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அட்டை தொலைந்துபோயிருந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் போய் நில்லுங்கள், புதிய அட்டை போட்டு, விட்டுப்போனதிலிருந்து தொடர்வார்.